கேம்பல் பேயில் பகலில் எரியும் தெருவிளக்குகள்: போட்டோசெல்லும் டைமரும் சேர்ந்த தீர்வு

இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையில் வரையறுக்கப்பட்டிருக்க, பெரிய நிக்கோபார் தீவின் கேம்பல் பே 93.9 பாகையில் அமைந்திருப்பதால், அவ்வூரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்தின் நண்பகலுக்குச் சராசரியாக 45 நிமிடங்கள் முந்தியே வந்துவிடுகிறது. நவம்பர் நடுவில் மாலை 4.53க்கே சூரியன் மறைகிறது, ஜூலையில்கூட 5.35ஐ ஒட்டி மறைந்துவிடுகிறது. மே இறுதியில் காலை 5 மணிக்குச் சற்று முன்பும், பிப்ரவரித் தொடக்கத்தில் 5.33 அளவிலும் உதிக்கிறது. எனவே சென்னையில் பெரிதும் பிழையாகத் தோன்றாத, மாலை 6 முதல் காலை 6 வரை என்ற டைமர் அமைப்பைக் கேம்பல் பேக்கு அப்படியே கொண்டுவந்தால், மாலையில் சூரியன் மறைந்தபின் தெரு பருவத்துக்கேற்ப ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை விளக்கின்றிக் கிடக்க, காலையில் ஏறத்தாழ அதே அளவு நேரம் விளக்குகள் வெயிலில் எரிந்துகொண்டிருக்கும்.

இந்தப் பிழைக்குத் தீவில் விலை கூடுதலாகும். அந்தமான் நிக்கோபார் தீவுகள் முதன்மை நிலத்தின் மின்தொகுப்போடு இணைக்கப்படாதவை; கேம்பல் பேயின் மின்சாரம் பெரும்பாலும் கடல் வழியே கொண்டுவரப்படும் டீசலிலிருந்து உற்பத்தியாவது. எடுத்துக்காட்டாக, 45 வாட் எல்.இ.டி. விளக்குகள் 40 ஒரே பேனலில் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொண்டால், அவற்றின் மொத்தச் சுமை 1.8 கிலோவாட், அவை பகல் முழுவதும் அணையாமல் இருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 யூனிட் வீணாகிறது. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றரை யூனிட் என்று கணக்கிட்டால், ஒரே ஒரு பேனலின் பழுது நாள்தோறும் ஆறு லிட்டருக்கு மேல் எரித்துவிடுகிறது. ஆகவே தெருவிளக்குத் துறையினர் எழுப்ப வேண்டிய கேள்வி, போட்டோசெல்லா டைமரா என்பதைவிட, எது பழுதானாலும் விளக்கு பகலில் எரியாதபடி இணைப்பை அமைப்பது எப்படி என்பதே ஆகும்.

போட்டோசெல் என்பது வெளிச்சத்தின் அளவை உணர்ந்து மின்சுற்றை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் சுவிட்ச். அதன் பழைய, மலிவான வகையில் காட்மியம் சல்பைடு தகடு ஒன்று இருக்கும்; வெளிச்சம் பட்டதும் அதன் மின்தடை குறைந்து, சிறு சூடேற்றியின் வழியே மின்னோட்டம் பாய, இரு உலோகங்கள் ஒட்டிய பட்டை ஒன்று சூட்டில் வளைந்து தொடர்பைப் பிரித்து விளக்கை அணைக்கிறது. இருட்டில் சூடேற்றி குளிர்ந்து பட்டை பழைய நிலைக்குத் திரும்ப, விளக்கு எரிகிறது. இந்த வகையில் விளக்கை அணைப்பதற்குத்தான் எல்லா உறுப்புகளும் உழைக்க வேண்டும். எரிய வைப்பதற்கு எதுவும் உழைக்க வேண்டியதில்லை. தகடு ஈரத்தில் கெட்டாலும், சூடேற்றி அறுந்தாலும், மூடி வெயிலில் பழுப்பேறி உப்புப் படிந்து ஒளியை மறித்தாலும், விளைவு ஒன்றே: விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சாலை இருளில் மூழ்குவதைவிட விளக்கு எரிவதே பாதுகாப்பு என்ற எண்ணத்தில் மின்னணு வகைகளிலும் பலவற்றை இவ்வாறே வடிவமைக்கிறார்கள். கடற்காற்றும் மழையும் ஓயாத ஓர் ஊரில், போட்டோசெல்லின் ஆயுள் முடிவு பெரும்பாலும் பகலில் எரியும் விளக்காகவே வெளிப்படும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்தாக வேண்டும்.

பொருத்தும் இடமும் பழுதில்லாத போட்டோசெல்லை ஏமாற்றக்கூடும். திறந்தவெளியில் அடர்ந்த மழைமேகத்தின் கீழும் பகல் வெளிச்சம் வழக்கமாக ஆயிரம் லக்சுக்குக் குறையாது. லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு. போட்டோசெல்கள் வழக்கமாக 10 முதல் 50 லக்ஸ் அளவில் இயங்குவதால் மேகம் மட்டும் அவற்றைக் குழப்புவதில்லை. ஆனால் அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே வெளியொளியில் நூற்றில் ஓரிரு பங்கே இறங்குகிறது என்பதால், மழைநாளில் மரத்தடிக் கம்பத்தின் போட்டோசெல் நண்பகலையும் மாலையாகக் கொண்டுவிடும். போட்டோசெல்லை வடக்கு நோக்கிப் பொருத்த வேண்டும் என்ற வழக்கமான அறிவுரை, நேர் வெயில் படாத திசை அதுவே என்ற கணக்கில் எழுந்தது. ஏழாம் அட்சரேகையில் ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், இங்கு திசையைவிடத் தலைக்கு மேலே திறந்த வானம் தெரிவதும், விளக்கின் சொந்த ஒளி போட்டோசெல்லின் மேல் விழாமல் இருப்பதுமே முக்கியம்.

டைமருக்குக் குறைகள் வேறு வகையானவை. மின்மோட்டாரால் சுழலும் பழைய டைமர், மின்சாரம் நின்ற நேரமெல்லாம் தானும் நின்று, இரண்டு மணி நேர மின்தடைக்குப் பின் இரண்டு மணி நேரம் பின்தங்கியே ஓடும். மின்தடை அடிக்கடி வரும் ஊரில் அதனை வாரந்தோறும் திருத்தாமல் பயன்படுத்த இயலாது. பேட்டரி இருப்புள்ள குவார்ட்ஸ் டைமர் இக்குறை அற்றது எனினும், பேட்டரி தீர்ந்தபின் வரும் முதல் மின்தடையோடு அதன் கடிகாரமும் நேரம் தவறிவிடும். ஊரின் அட்ச, தீர்க்கரேகைகளைக் கொண்டு ஒவ்வொரு நாளின் உதய மறைவு நேரத்தைத் தானே கணக்கிடும் வானியல் டைமரில் பிழை பெரும்பாலும் நிறுவும்போதே நுழைகிறது. ஊர்ப் பட்டியலில் கேம்பல் பே இல்லாமல் போக, சென்னையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், தீர்க்கரேகை வேறுபாட்டால் மட்டும் 55 நிமிடங்கள் பிசகும். அட்சரேகை 7.0 வடக்கு, தீர்க்கரேகை 93.9 கிழக்கு, நேர வேறுபாடு 5.30 என்று நேரடியாகப் பதிந்து, அன்றைய மறைவு நேரமாகத் திரை காட்டுவதைக் கண்ணால் பார்த்த மறைவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முறை.

இவ்விரண்டையும் தனித்தனியே எடைபோடுவதைவிட, கேம்பல் பேயின் சூரியனே கொடுக்கும் ஒரு வசதியைப் பயன்படுத்துவது நல்லது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் மறைவு நேரம் ஏறத்தாழ 40 நிமிடங்களும் உதய நேரம் அதைவிடச் சற்றுக் குறைவாகவும்தான் மாறுகின்றன. எனவே பருவந்தோறும் திருத்தத் தேவையில்லாத ஒரே காலவரம்பு, அதாவது மாலை 4.30 முதல் காலை 5.45 வரை, ஆண்டின் எல்லா இரவுகளையும் தன்னுள் அடக்கிவிடுகிறது. சாதாரணக் குவார்ட்ஸ் டைமரில் இந்த வரம்பை அமைத்து, அதன் தொடர்பு வழியாகவே போட்டோசெல்லுக்கு மின்சாரம் கொடுத்து, போட்டோசெல்லின் வெளியீட்டைக் கான்டாக்டரின் சுருளுக்கு இணைத்தால், விளக்கு எரிவதற்கு டைமரின் அனுமதியும் போட்டோசெல்லின் அனுமதியும் சேர்ந்தே தேவைப்படும். கான்டாக்டர் என்பது சிறு மின்னோட்டத்தால் பெருஞ்சுமையை இயக்கும் சுவிட்ச். எல்.இ.டி. டிரைவர்கள் மின்சாரம் வந்த கணத்தில் இழுக்கும் மிகையான மின்னோட்டம் போட்டோசெல்லின் மெல்லிய தொடர்புகளை உருக்கி ஒட்ட வைத்துவிடும் என்பதால், பல விளக்குகளைப் போட்டோசெல்லிலேயே நேரடியாக இணைக்கக் கூடாது.

இந்த அமைப்பில் போட்டோசெல் முற்றிலும் பழுதாகி எப்போதும் எரியும் நிலையில் நின்றுவிட்டாலும், மாலையில் அதிகபட்சம் ஒரு மணி ஐந்து நிமிடமும், காலையில் அதிகபட்சம் முக்கால் மணி நேரத்தை ஒட்டியுமே விளக்கு வீணாக எரியும். முன்னர்க் கண்ட 40 விளக்குப் பேனலில் 22 யூனிட் இழப்பு மூன்றேகால் யூனிட்டுக்கு மேல் போகாது. அதைவிடவும் பயன்தருவது, இந்த இணைப்பு தன் பழுதைத் தானே அறிவிப்பதாகும். மாலை 4.30க்கு மின்சாரம் வந்ததும் குளிர்ந்திருக்கும் சூடேற்றி வகைப் போட்டோசெல்லின் தொடர்பு மூடியே இருப்பதால் விளக்குகள் எரியத் தொடங்கி, ஓரிரு நிமிடங்களில் சூடேறியபின் அணைந்து, இருட்டியதும் மீண்டும் எரியும். சிறிது நேரம் எரிந்து அணையும் இதனைப் பழுதாகக் கருதி யாரும் புகார் செய்யாதவாறு அதனை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. ஏனெனில் அது நாள்தோறும் நடக்கும் இலவசச் சோதனை. வெளிச்சம் இருக்கும்போதே 4.40க்கும் விளக்குகள் அணையாமல் இருந்தால் போட்டோசெல் கெட்டுவிட்டது அல்லது அதன் மூடி அழுக்கேறிவிட்டது என்று கம்பத்தில் ஏறாமலே சொல்லிவிடலாம்.

காலை 5.45க்குப் பின்னும் விளக்கு எரிந்தால் குற்றம் போட்டோசெல்லில் இல்லை. அப்போது லைன்மேன் முதலில் பார்க்க வேண்டியது, பராமரிப்புக்காகத் திருப்பப்பட்ட ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் மேனுவலிலேயே மறக்கப்பட்டிருக்கிறதா என்பது. அது சரியாக இருந்தால் டைமரின் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும். அதுவும் சரியென்றால், கான்டாக்டர் சுருளில் மின்னழுத்தம் உள்ளதா என்று அளக்க வேண்டும். சுருளில் மின்னழுத்தமே இல்லாமல் விளக்குகள் எரிந்தால், கான்டாக்டரின் முதன்மைத் தொடர்புகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்பது உறுதி. ஒட்டிய கான்டாக்டரைத் தட்டிப் பிரித்து மீண்டும் ஓடவிடுவது சில நாள்களில் அதே பழுதையே திரும்பக் கொண்டுவரும் என்பதால், அதை மாற்றிவிடுவதே முறை.

இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. தொடராக இணைக்கப்பட்ட இரண்டு கருவிகளில் எது திறந்த நிலையில் பழுதானாலும் இருளே விளையும் என்பதால், பகலில் எரியும் வாய்ப்பைக் குறைக்கும் இதே அமைப்பு இரவில் எரியாமல் போகும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. குடியிருப்புச் சாலைகளுக்கு இந்தப் பரிமாற்றம் ஏற்கத்தக்கது. கப்பல் துறை, மருத்துவமனை வாசல் போன்ற இடங்களில் ஓரிரு விளக்குகளையேனும் டைமரின் வழி செல்லாமல் போட்டோசெல்லில் மட்டும் விட்டுவைத்து, அவை பகலில் எரியக்கூடும் என்ற இழப்பைத் தெரிந்தே ஏற்பதுதான் பொருத்தம்.

எனவே தீவுப் பகுதிகளுக்கான தெருவிளக்கு ஒப்பந்தங்களில் போட்டோசெல் ஒன்று, டைமர் ஒன்று என்று பொருள்களின் பட்டியலை மட்டும் எழுதுவது போதாது. இரண்டும் எவ்வரிசையில் இணைக்கப்பட வேண்டும், டைமரின் வரம்பு எந்த அட்ச, தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்பட்டது, ஒவ்வொரு கருவியும் பழுதானால் விளக்கு எந்நிலையில் நிற்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு, பேனலை ஏற்கும் நாளில் போட்டோசெல்லைக் கறுப்பு நாடாவால் மூடியும் டைமரை முன்னே நகர்த்தியும் அவற்றைச் சோதித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவது இத்துறைப் பொறியாளர்களின் வழக்கமாக வேண்டும்.