நகரத்தின் திட்டம் வடிகாலில் தெரியும்

சிந்துவெளி நகரங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் குறிப்பிடுவது அவற்றின் நேரான தெருக்களையே. சதுரங்கப் பலகையைப் போலக் கோடு கிழித்துக் கட்டிய நகரம் என்று மொகஞ்சதாரோவைப் புகழ்கிறார்கள். ஆனால், அந்நகரத்தைக் கட்டியவர்களின் உண்மையான திறமை தெருவில் இல்லை. தெருவோரம் ஓடிய வடிகாலில்தான் இருக்கிறது.

மொகஞ்சதாரோ இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் உள்ளது. அங்கு 1922ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கியது. கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை அந்நகரம் செழித்திருந்தது. அதன் முதன்மைத் தெரு ஏறத்தாழ 9 மீட்டர் அகலம் கொண்டது. வடக்கு தெற்காகச் செல்கிறது. எனினும், அதிலிருந்து பிரியும் சந்துகள் பல இடங்களில் வளைந்தும் திரும்பியும் போகின்றன. மேலும், நகரத்தின் சிறு பகுதியே இதுவரை தோண்டப்பட்டுள்ளது. நிலத்தடி நீர் உயர்ந்திருப்பதால் அடிமட்ட அடுக்குகளை எட்ட முடியவில்லை. ஆகவே, நகரம் முழுவதும் சதுரங்கப் பலகை போன்றது என்று உறுதியாகக் கூறுவது பொருந்தாது.

வடிகால்களைப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. வீட்டின் குளியலறைத் தளம் செங்கற்களை நெருக்கமாக அடுக்கிச் சற்றுச் சரிவாக அமைக்கப்பட்டது. அங்கிருந்து வெளியேறும் நீர், சுவரிலுள்ள துளை வழியாகச் சந்தின் வடிகாலை அடைந்தது. சந்தின் வடிகால் பெரிய தெருவின் வடிகாலில் சேர்ந்தது. நீர் தடையின்றி ஓட வேண்டுமானால், வீட்டின் துளை சந்தின் வடிகாலைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சந்தின் வடிகால் தெரு வடிகாலைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தம் விருப்பப்படி தளத்தைத் தாழ்த்திக் கட்டினால், கழிவுநீர் அவருடைய வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும். எனவே, வீட்டைக் கட்டும்போதே தெருவின் மட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. கயிறு பிடித்து நேரான தெருவை அமைப்பதைவிட இது கடினமான வேலை.

இந்த ஒழுங்கு செங்கல்லிலும் காணப்படுகிறது. வீடுகளுக்குப் பயன்படுத்திய செங்கல் பொதுவாக 7 செ.மீ. உயரமும் 14 செ.மீ. அகலமும் 28 செ.மீ. நீளமும் உடையது. அதாவது, அளவுகள் 1:2:4 என்ற விகிதத்தில் உள்ளன. நீளவாக்கில் இரண்டு செங்கற்களை அருகருகே வைத்தால் சுவரின் தடிமன் 28 செ.மீ. ஆகும். அதற்கு மேல் வரிசையில் ஒரே செங்கல்லைக் குறுக்காக வைத்தாலும் அதே 28 செ.மீ. கிடைக்கும். இப்படி வரிசைகளை மாற்றி மாற்றி அடுக்கும்போது, மேல் வரிசையின் இணைப்புகள் கீழ் வரிசையின் இணைப்புகளுக்கு நேராக வருவதில்லை. அதனால் சுவரில் எளிதில் விரிசல் ஏற்படாது. அளவும் விகிதமும் ஒன்றாக இருந்தால், எந்தச் சூளையில் சுட்ட கல்லும் சுவரில் பொருந்தும்.

ஆனால், கட்டுவதோடு வேலை முடிவதில்லை. வடிகால்களைச் செங்கற்களாலோ கற்பலகைகளாலோ மூடியிருந்தனர். தேவைப்படும்போது அவற்றை எடுத்துவிட்டு உள்ளே சேர்ந்த வண்டலை அள்ளினர். இதை எப்படி அறிகிறோம்? வடிகால் ஓரங்களில் மணற்குவியல்கள் கிடந்ததை அங்கு அகழாய்வு செய்த எர்னஸ்ட் மெக்கே குறிப்பிட்டுள்ளார். அள்ளிய மணலை எப்போதும் அப்புறப்படுத்தவில்லை என்பதை அக்குவியல்கள் காட்டுகின்றன. அதே வேளையில், யாரோ ஒருவர் தவறாமல் வந்து துப்புரவு செய்தார் என்பதற்கும் அவையே சான்று.

நகரத்தின் பிற்கால அடுக்குகள் இதற்கு மாறான நிலையைக் காட்டுகின்றன. அவற்றில் கட்டுமானம் தரம் குறைந்துள்ளது. வீடுகள் தெருவை நோக்கி நீண்டுள்ளன. முன்னர் மக்கள் நடந்த இடத்தில் மட்பாண்டச் சூளைகள் தோன்றியுள்ளன. தெருக்கள் அப்போதும் இருந்தன. ஆனால், அவற்றைப் பொதுவாகக் காத்த ஒழுங்கு தளர்ந்துவிட்டது.

இத்தகைய நகரத்தை வலிமைமிக்க ஓர் அரசனே திட்டமிட்டிருப்பான் என்று சிலர் கருதுகின்றனர். ஆனால், அரண்மனை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க கட்டடம் எதுவும் அங்குக் கிடைக்கவில்லை. அம்மக்களின் எழுத்தும் இன்னும் படித்தறியப்படவில்லை. எனவே, ஆணையிட்டவர் யார் என்று முடிவு செய்ய இயலாது. அண்டை வீட்டார் ஒரே மட்டத்துக்கு உடன்பட்டார்கள், அடைத்த வடிகாலைத் திறந்து சுத்தம் செய்தார்கள் என்பதை மட்டும் மண் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு நகரம் திட்டமிட்டுக் கட்டப்பட்டதா என்பதை அறிய, அதன் தெருக்களை மேலிருந்து பார்த்தால் போதாது. குனிந்து வடிகாலுக்குள்ளும் பார்க்க வேண்டும்.