கேட்பவனை விட்டுவிட்டு மறைப்பவனைத் திட்டாதீர்கள்

"அவன் நம்ம ஆளுதான். ஆனா வெளிய சொல்லிக்க மாட்டான்."

இந்தப் பேச்சு நம் கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு சிரிப்பும் வரும். சென்னையில் வாடகைக்கு வீடு எடுக்கும்போது சாதியைச் சொல்லாத தோழர், கல்லூரி விடுதியில் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லும் மாணவி, அலுவலகத்தில் "நாங்க சைவம்" என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிற அண்ணன், எல்லோரும் இந்தச் சிரிப்புக்கு ஆளாகிறார்கள். சொரணை இல்லாதவர்கள் என்கிறோம். எதிர்த்தரப்பு இவர்களையே ஏமாற்றுக்காரர்கள் என்கிறது. இரண்டு பேச்சிலும் ஒரே ஆள் தப்பித்துக்கொள்கிறான். அவன்தான் கேள்வி கேட்டவன்.

தன் இனத்தை மறைத்து இன்னொரு இனத்தவராக நடமாடுவதை அமெரிக்காவில் 'பாஸிங்' என்பார்கள். எல்லைக் காவலைத் தாண்டிப் போய்விட்டார் என்று பொருள் வைத்துக்கொள்ளலாம். அடிமை முறை இருந்த காலத்தில் கறுப்பினத்தில் பிறந்து, தோல் வெளுத்திருந்த சிலர் வெள்ளையராக நடமாடினார்கள். எல்லன் கிராஃப்ட் என்ற பெண்ணின் கதை நமக்கு உதவும். தாய் அடிமை, தகப்பன் அந்தத் தாயின் எசமானன். 1848 டிசம்பரில் எல்லன் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரிலிருந்து தப்பினார். வெள்ளைக்காரப் பெண் ஓர் ஆண் அடிமையுடன் தனியே பயணம் செய்தால் சந்தேகம் வரும். அதனால் தலைமுடியை வெட்டிக்கொண்டு நோயாளி வெள்ளை முதலாளியாக வேடமிட்டார். கணவர் வில்லியம் அவருக்கு அடிமை வேலைக்காரனாக நடித்தார். ரயிலிலும் கப்பலிலும் போய், கிறிஸ்துமஸ் அன்று பிலடெல்பியாவில் இறங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அவருடைய வலது கை. அதற்குத் தூளி கட்டியிருந்தார். அடிமைகளுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்ததால் அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வழியில் எங்காவது பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால் அகப்பட்டுவிடுவார். யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று முகத்திலும் கட்டுப் போட்டுக்கொண்டார். நிறம் அவரை வண்டியில் ஏற்றியது. வண்டியை விட்டு இறக்கிவிடாமல் காத்தது அந்தத் தூளி. மறைந்து வாழ்வதன் முக்கால் பங்கு வேலை பொய் சொல்வது என்று நினைக்கிறோம். உண்மையில் அது, கேள்வி தன்னிடம் வந்து சேராதபடி பார்த்துக்கொள்வதுதான்.

இனி நம் பக்கம் வருவோம். இங்கே நிறத்தைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஒரு சந்தை நாளில் நில்லுங்கள். நிறத்தை வைத்து யார் எந்தத் தெரு என்று சொல்ல முடியுமா? அதனால்தான் காவிரிப் பாசனத்து நாடு வேறு அடையாளங்களை உண்டாக்கி வைத்தது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. தோளில் துண்டு கூடாது. காலில் செருப்பு கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது. மடத்து நிலமோ, கோயில் நிலமோ, மிராசுதார் நிலமோ, அதில் நடவு நட்டு அறுத்துப் போர் போட்டவர்கள் குடியிருந்தது ஊருக்கு வெளியே. உடம்பில் இல்லாத வேறுபாட்டை உடுப்பிலும் குடியிருப்பிலும் எழுதி வைத்தார்கள். பண்ணையாள் உள்ளூரில் வேறு சாதியாக நடமாட வழியே இல்லை. பாட்டன் பெயர் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். மறைய வேண்டுமானால் முதலில் ஊரை விட்டுப் போக வேண்டும்.

ஊரை விட்டுப் போன ஒருவரின் கதை நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஆதனூர். நந்தனின் ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கதையைப் பக்தியை ஒதுக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். கோயில் முரசுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர் நந்தன். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தவரும் அவரே. அவர் கொடுத்த தோல் உள்ளே போனது, அவர் போகவில்லை. தில்லைக்குப் போய் ஊர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் தீ மூட்டப்பட்டது. தீக்குள் இறங்கியவர் முப்புரிநூல் அணிந்த முனிவராக வெளியே வந்தார். அந்த உருவத்தோடுதான் உள்ளே விட்டார்கள். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

இதை அருள் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: பூணூல் எதற்கு? அவரை அவராகவே உள்ளே விடக் கடவுளாலும் முடியவில்லை என்றுதானே கதை சொல்கிறது? வாசல் மாறவில்லை. ஆள்தான் மாற வேண்டியிருந்தது. மறைந்து வாழ்ந்த ஒவ்வொருவரிடமும் வாசல் கேட்டது இதைத்தான்.

அடுத்து ரெட்டமலை சீனிவாசன். வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் போனவர், 1924-ல் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் என்று அவரைத் தெரிந்து வைத்திருக்கிறோம். அந்த மனிதர் பையனாக இருந்தபோது என்ன செய்தார் என்பது 1939-ல் அவர் எழுதிய தன்வரலாற்றில் இருக்கிறது. கோயம்புத்தூர்க் கலாசாலையில் படித்தார். மாணவர்கள் சுமார் 400 பேர்; பத்துப் பேரைத் தவிர எல்லோரும் பார்ப்பனர். யாருடனாவது பழகினால் சாதி, குடும்பம், இருப்பிடம் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்ற பயம் அவருக்கு. அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் மற்ற பிள்ளைகள் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

தன்னை வேறு சாதி என்று அவர் எங்கும் சொன்னதாக எழுதவில்லை. எல்லன் தூளி கட்டியதுபோல இவர் நேரத்தை வைத்துத் தப்பினார். மணிக்கு முந்திய பத்து நிமிடமும் பிந்திய பத்து நிமிடமும் கேள்விகள் பிறக்கும் நேரம். அதை வாழ்க்கையிலிருந்து வெட்டி எறிந்தார். நண்பன் இல்லாத, விளையாட்டு இல்லாத ஒரு பள்ளிப் பருவம்தான் அதற்குக் கொடுத்த விலை. மறைப்பவன் சுகமாக இருக்கிறான் என்று நினைக்கும் தோழர்கள் அந்தப் பையனோடு ஒருநாள் வீடு வரை நடந்து பார்க்கலாம்.

அந்தப் பையன்தான் 1893 அக்டோபரில் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'பறையன்'. மாத இதழாக ஆரம்பித்து வார இதழாகி, ஏழாண்டு நடந்தது. தன்னை இன்னான் என்று சொல்லிக்கொள்ள அஞ்சுகிறவன் உரிமை கேட்க முடியாது, ஆகவே அந்தப் பெயராலேயே முன்வர வேண்டும் என்பது அவர் வாதம். அயோத்திதாசர் அவருடைய மைத்துனர். அந்தப் பெயரே பகைவர் நம்மேல் ஏற்றியது, நாம் பூர்வ பௌத்தர் என்றார் அவர். இருவரில் யார் சரி என்று இன்றைக்கும் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டை இருக்கட்டும். நான் கேட்பது வேறு: மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த பையனால் எப்படி அந்தப் பெயரை அச்சடிக்க முடிந்தது?

தைரியம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பாதிப் பதில். நடுவில் சுமார் பத்தாண்டு நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் கணக்கராக வேலை பார்த்தார். எந்த மிராசுதாரும் நிறுத்த முடியாத சம்பளம் அது. சென்னைக்கு வந்த பிறகு அவரைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது, பறையர் மகாசன சபை இருந்தது. சோறும் கூட்டமும் இருந்த இடத்தில் பெயர் வெளியே வந்தது. கோயம்புத்தூரில் இரண்டும் இல்லை. அதே காலத்தில் கொள்ளிடக் கரையில் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவனுக்கும் இரண்டும் இல்லை.

சோறு, படிப்பு, பதவி எல்லாம் இருந்தும் வேறு ஊரில் தனியாக மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அம்பேத்கரே சாட்சி. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சி அல்லாதவரைச் சேர்க்க விதி இல்லை. விடுதிக்காரருக்கு வருமானம் வேண்டும். நாளுக்கு ஒன்றரை ரூபாய், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயர் என்று ஒப்பந்தமானது. பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பேர் கம்புகளோடு மாடி ஏறி வந்து, நீ யார் என்று கேட்டார்கள். அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஓர் இந்து நண்பர், ஒரு கிறித்துவ நண்பர், இருவரும் வீட்டில் இடம் தரவில்லை. ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதைப் பின்னாளில் அவரே எழுதினார். நம் தோழர் யாராவது அவரைச் சொரணை இல்லாதவர் என்பார்களா?

கம்பு இன்று குறைந்திருக்கலாம், கேள்வி குறையவில்லை. கும்பகோணத்தில் வீடு தேடிய எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். முதலில் "எந்த ஊரு தம்பி?" திருப்பனந்தாள் என்றேன். "திருப்பனந்தாள்ல எங்க?" தெருவைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. "ஊருக்குள்ளயா, காலனியா?" அதற்கும் பதில் தாமதமாகவே "குலதெய்வம் எது?" என்றார். கடைசியில், "அங்க எங்க சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்களத் தெரியுமா?" சாதி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. மறுநாள் போனில் வீட்டைத் தம்பிக்கு விடப்போவதாகச் சொன்னார். ஊர், தெரு, சாமி, சொந்தம் என்று இந்த வரிசையில்தான் எப்போதும் கேட்பார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் விசாரிப்பு, உபசாரம். சேர்த்துப் பார்த்தால் வடிகட்டி. அமெரிக்காவில் தோலைப் பார்த்துச் செய்ததை இங்கே நலம் விசாரித்துச் செய்கிறார்கள்.

இந்த வரிசையைத் தாண்ட நினைப்பவர் சொந்தத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். அம்மா போன் செய்தால் மாடிக்குப் போய்ப் பேசுவார். அப்பா ஊரிலிருந்து வருகிறேன் என்றால் பேருந்து நிலையத்திலேயே பார்த்து அனுப்பிவிடுவார். ஊரில் சாவு விழுந்தால் அலுவலகத்தில் காய்ச்சல் என்பார். அமெரிக்காவிலும் இப்படித்தான். வெள்ளையராக வாழப் போன மகன் தெருவில் தாயைக் கண்டால் தெரியாததுபோலப் போக வேண்டியிருந்தது.

மறைப்பவர் இயக்கத்துக்கு வராததால் இயக்கத்துக்கு நட்டம் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. படித்து வேலைக்குப் போனவர் சேரியின் பக்கம் திரும்பாமலே போவதால் அடுத்த பிள்ளைக்கு வழிகாட்ட ஆள் இல்லை. இதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அதற்காக முகநூலில் "இன்னாரும் நம்மாள்தான், தெரியுமா?" என்று பட்டியல் போடுகிறீர்களே, அது என்ன வேலை? வீட்டுக்காரர் நான்கு கேள்வி கேட்டும் பிடிக்க முடியாததை நீங்கள் இலவசமாகக் கொடுக்கிறீர்கள். சீனிவாசன் அச்சடித்தது தன்னுடைய பெயரை. பெயர் சொல்லும் உரிமை அந்தப் பெயருக்கு உரியவருடையது. அவர் வேலை போனால் நீங்கள் சோறு போடப் போகிறீர்களா? வீடு காலி செய்யச் சொன்னால் உங்கள் அறையில் இடம் இருக்கிறதா? இருந்தால் அதை அவரிடம் தனியாகப் போய் முதலில் சொல்லுங்கள். பட்டியலை நீக்கிவிட்டுப் போய்ச் சொல்லுங்கள்.