முத்திரைக்கு முதல் நாள் தராசின் நாலு மூலையையும் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கடை வைத்திருப்பவர்களும், கடைக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

எங்கள் காக்காவுக்கு டவுனில் ஒரு பலசரக்குக் கடை. மேசையில் சின்னத் தராசு ஒன்று, வாசலோரம் மூட்டை நிறுக்கும் பிளட்போம் தராசு ஒன்று. சோளக் காலத்தில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஐம்பது கிலோ மூட்டைகளாக வாங்குவார். போன மாதம், பல வருடமாக வந்துபோகும் ஒரு விவசாயி வேறொரு இடத்தில் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து, "உங்கட தராசு மூட்டைக்கு இருநூறு கிறாம் குறைச்சுக் காட்டுது" என்று ஆட்கள் நிற்கும்போதே சொல்லிவிட்டார். காக்காவுக்குத் தாங்கவில்லை. போன வருட முத்திரையைக் காட்டினார். அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அதன் பிறகு வரவில்லை.

இந்த வருட முத்திரை நாள் நெருங்கியபோது, "முதல் நாள் நாமளே ஒருக்கா பாத்திருவம்" என்று நான்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஏழாந்தரத்துக்குத் திணிவும் நிறையும் படிப்பிக்கிறவன் சொந்தக் காக்காவின் தராசைப் பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. காக்கா, "ஆபீசர் நாளைக்கிப் பாப்பாருதானே தம்பி, நீ என்னத்துக்கு முன்னுக்கே குந்திக்கிட்டு?" என்றார். பல கடைக்காரர்கள் கேட்பதும் இதுதான்.

என் பதில் இது. 1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி வியாபாரத் தராசுக்கு முத்திரை கட்டாயம். அந்த முத்திரை, சோதித்த நாளில் சோதித்த இடத்தில் தராசு எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி. மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்தத் தராசு உங்கள் சீமெந்துத் தரையில், உங்கள் தூசிக்குள், உங்கள் ஆட்கள் மூட்டையைத் தொப்பென்று போடும் இடத்தில் இருக்கிறது. அந்த நாட்களுக்குப் பொறுப்பு உத்தியோகத்தர் இல்லை, நீங்கள்தான்.

அன்று செய்ததைச் சொல்கிறேன். தராசு திருத்துகிற தெரிந்த ஒருவரிடம் இருபது கிலோ படிக்கல் ஐந்து, பத்துக் கிலோ ஒன்று, ஐந்து கிறாம் சின்னப் படிகள் பத்து வாங்கிவந்தோம். எல்லாம் முத்திரை உள்ள படிகள். கடையில் கிடக்கும் பழைய இரும்புக் கல்லை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். துருவேறியது, விளிம்பு உடைந்தது எல்லாம் தராசைச் சோதிக்காது, குழப்பத்தைத்தான் கூட்டும்.

தராசின் தகட்டில் `Max 150 kg`, `e = 50 g` என்று இருக்கிறது. 150 கிலோ வரை நிறுக்கும், ஐம்பது ஐம்பது கிறாமாகக் காட்டும் என்று பொருள். எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்பது இந்த `e` என்பதிலிருந்துதான் வருகிறது. கடைத் தராசுகள் சேரும் மூன்றாம் வகுப்புக்கு, சட்ட அளவியலுக்கான சர்வதேச அமைப்பின் R 76 பரிந்துரை சொல்லும் முதற்சோதனை எல்லை இப்படி: இந்தத் தராசில் 25 கிலோ வரை 25 கிறாம், அதற்கு மேல் 100 கிலோ வரை 50 கிறாம், அதற்கும் மேல் 75 கிறாம். கூடினாலும் குறைந்தாலும் இதே எல்லைதான். பாவனையில் இருக்கும் தராசுக்கு இதன் இரட்டை வரை விடலாம். நாங்கள் இறுக்கமான எல்லையையே வைத்துக்கொண்டோம்.

முதலில் தராசை மட்டம் பார்த்தோம். மூலையில் உள்ள கண்ணாடிக்குள் நீர்க்குமிழி வட்டத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். எங்களுடையது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு கால் தரையில் படவே இல்லை. காலைத் திருகிச் சரிசெய்து, சுவிட்சைப் போட்டு அரை மணித்தியாலம் விட்டோம். மேலே சுற்றிய மின்விசிறியை நிறுத்தினோம். ஒன்றும் இல்லாதபோது பூச்சியம் அசையாமல் நின்றது.

பிறகு நடுவில் வைத்தோம். 20 கிலோவுக்கு 20.00, ஐம்பதுக்கு 50.00, நூறுக்கு 100.05 என்று காட்டியது. நூறு கிலோவில் ஐம்பது கிறாம் கூடக் காட்டுகிறதே, எல்லையில் நிற்கிறதே என்று காக்கா பயந்தார். திரையை அப்படியே நம்பக்கூடாது. ஐம்பது ஐம்பதாகக் காட்டும் தராசு 100.05 என்றால், உண்மையில் அது உணர்வது 100.025க்கும் 100.075க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அதற்குத்தான் ஐந்து கிறாம் படிகள். ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனோம். ஆறாவது படி வைத்ததும், அதாவது 30 கிறாமில், திரை 100.10க்குத் தாவியது. தாவும் இடம் 100.075. அதிலிருந்து நாங்கள் கூட்டிய 30 கிறாமைக் கழித்தால், தராசு முதலில் உணர்ந்தது 100.045. பிழை 45 கிறாம். எல்லைக்கு உள்ளேதான், ஆனால் மயிரிழையில்.

150 கிலோவுக்குப் படி போதாது. அதற்கும் வழி இருக்கிறது. முதலில் 50 கிலோ படி வைத்து, எத்தனை சின்னப் படியில் திரை தாவுகிறது என்று குறித்துக்கொண்டோம். படியை எடுத்துவிட்டு ஒரு அரிசி மூட்டையை வைத்து, கைப்பிடியாகக் கூட்டிக் குறைத்து, அதே இடத்தில் தாவும்படி செய்தோம். இப்போது அந்த மூட்டை ஐம்பது கிலோ படிக்குச் சமம். அதோடு நூறு கிலோ படியையும் ஏற்றினோம். 150.05. பிரச்சினை இல்லை.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் தராசு பாஸ். அந்த விவசாயி பொய்யர்.

ஆனால் மூட்டையை யாரும் நடுவில் வைப்பதில்லை. எங்கள் கடையில் வலது பக்கத்தால் தூக்கிவந்து, பின்னால் நிற்கும் கம்பத்தில் சாய்த்து வைப்பார்கள். பாரம் பின் இடது மூலையில்தான் விழும். அதனால்தான் மூலைச் சோதனை. கொள்ளளவின் மூன்றில் ஒரு பங்கை, இங்கே ஐம்பது கிலோவை, தட்டை நாலாகப் பிரித்து ஒவ்வொரு கால்பங்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். முன் வலது 50.00. முன் இடது 50.00. பின் வலது 50.00. பின் இடது 49.80.

அந்த மனிதர் சொன்ன அதே இருநூறு கிறாம். காக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எதனால் என்று கண்டுபிடிக்க ஒரு வழி, அதே மூலையில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. 20 கிலோவுக்குச் சரி. 30க்கும் சரி. 40க்கு 39.90. ஐம்பதுக்கு 49.80. இது முக்கியமான தடயம். தராசின் உள்ளே இருக்கும் லோட் செல் விழுந்தோ அடிபட்டோ கெட்டிருந்தால், பிழை ஆரம்பத்திலிருந்தே பாரத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டு வரும். முப்பது வரை சரியாக இருந்து அதற்கு மேல் திடீரென்று குறைகிறது என்றால், தட்டு கீழே வளைந்து எதிலோ போய் முட்டுகிறது. முட்டிய பிறகு பாரத்தின் ஒரு பங்கை அந்தப் பொருள் தாங்கிக்கொள்கிறது. லோட் செல்லுக்கு மிச்சம்தான் போகிறது.

தட்டைத் தூக்கினோம். ஓவர்லோட் ஆகாமல் தடுப்பதற்கு ஒவ்வொரு மூலையிலும் ஒரு போல்ட் நிற்கும். அதற்கும் சட்டத்துக்கும் இடையில் சின்ன இடைவெளி இருக்க வேண்டும். பின் இடது போல்ட்டின் தலையில் ஒரு சின்னக் கல், அதன்மேல் உப்பும் மாவும் சேர்ந்து சீமெந்துபோல் இறுகி இருந்தது. சணல் நார் வேறு சுற்றிக் கிடந்தது. துடைத்து எடுத்தோம். போல்ட்டைத் திருகவில்லை, முத்திரையையும் தொடவில்லை. துடைப்பது கடைக்காரன் செய்யலாம். முத்திரையை உடைத்து உள்ளே கை வைப்பது அனுமதிப்பத்திரம் உள்ள திருத்துநரின் வேலை. திரும்பவும் வைத்தோம். பின் இடது 50.00. மற்ற மூலைகளையும் நடுவையும் முதலிலிருந்து பார்த்தோம், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது மாறியிருக்கலாம் என்பதால்.

அடுத்த நாள் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் முத்திரை வாங்கிவந்தார். வந்ததும் நான் மறுபடியும் மட்டமும் மூலையும் பார்த்தேன். குமிழி மீண்டும் ஓரத்தில். குலுங்கிவந்த தராசை இறக்கி வைத்துவிட்டு, புது முத்திரை இருக்கிறதே என்று வியாபாரத்தைத் தொடங்குவதுதான் நம் வழக்கம். அதைத்தான் நான் பிழை என்கிறேன்.

சிலர் சொல்வார்கள், குறைத்துக் காட்டும் தராசால் விற்கும்போது கடைக்காரனுக்குத்தானே நட்டம் என்று. உண்மைதான். அதே தராசில் ஐம்பது கிலோ அரிசி நிறுத்து விற்றால் இருநூறு கிறாம் கூடுதலாகப் போயிருக்கும். ஆனால் அந்த நட்டம் அரிசி வாங்கியவருக்குப் போனது. சோளம் கொண்டுவந்தவர் இழந்ததை அது ஈடுசெய்யாது. அவர் வேறு, இவர் வேறு.

இதில் என்னைக் குடைவது வேறொரு விஷயம். காக்கா அந்த விவசாயிக்குக் குறைந்ததைக் கொடுக்க விரும்பினார். எத்தனை மூட்டைக்கு? கல் எப்போது போல்ட்டில் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. கடைசியாகத் தராசு சரியாக இருந்ததற்கான சான்று போன வருட முத்திரை மட்டுமே. மாதம் ஒருமுறை நாலு மூலையிலும் படி வைத்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதியிருந்தால், பிழை இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்தான் என்று சொல்லியிருக்கலாம். இருபது கிலோ படிக்கல் மூன்றை வாங்கி வைத்தால் போதும். ஒரு மூலைக்கு மூன்றையும் அடுக்க வேண்டும். எங்கள் பிழை இருபதில் தெரியவில்லை, முப்பதிலும் தெரியவில்லை என்பதை மறக்காதீர்கள்.

கடைசியில் காக்கா, இந்தப் போகத்தில் அவர் கொண்டுவந்த இருபது மூட்டைக்கும் இருநூறு கிறாம் வீதம் நாலு கிலோ என்று கணக்குப் போட்டார். அதற்கு முந்திய போகத்துக்கு என்ன செய்வது என்று இருவரும் கனநேரம் பேசினோம், முடிவு வரவில்லை. காசைக் கவரில் போட்டு, ஆட்கள் முன்னால் கேட்டவரிடம் ஆட்கள் முன்னாலேயே கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அவருடைய ஊருக்குப் போகிறோம்.