ராத்திரி ரெண்டு மணி பயத்துக்கு ஈசிஜியில் பதில் இல்லை

1/ "டாக்டர், மூணு ஈசிஜி, ஒரு எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தாச்சு. எல்லாமே நார்மலாம். அப்புறம் ஏன் சார் ராத்திரியில செத்துடுவேன்னு தோணுது?"

நாலு மாசம் முன்னாடி வந்தவர். வயது 43, வங்கி வேலை. (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/ அவர் சொன்னது இதுதான். மனைவி, மகள் தூங்கிட்டாங்க. ஃபேன் சத்தம் மட்டும்தான். திடீர்னு ஒரு எண்ணம்: "ஒரு நாள் நான் இருக்கவே மாட்டேன்." அடுத்த நொடி நெஞ்சு படபடப்பு, வியர்வை, கை விரல்களில் மரமரப்பு. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

3/ உடம்பில் நடப்பது என்ன? எண்ணம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகிறது. அந்தத் துடிப்பைக் கவனித்ததும் "இதோ, வந்துடுச்சு" என்று மனசு முடிவு கட்டுகிறது. இன்னும் அட்ரினலின். மூச்சு வேகமாகி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால்தான் மரமரப்பும் தலைசுற்றலும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். இதுதான் பேனிக் அட்டாக்.

4/ முக்கியம்: முதல் தடவை வரும்போது "இது வெறும் பயம்"னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, நடந்தால் கூடும் வலி, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனை. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். தைராய்டும் ஒரு தடவை பார்த்துடணும்.

5/ இவருக்கு அதெல்லாம் பார்த்தாச்சு. பிறகு நாங்கள் செய்யும் தப்பு ஒன்று இருக்கு. "ஒண்ணுமில்ல, போங்க"னு அனுப்புவோம். நானும் அப்படித்தான் முதலில் அனுப்பினேன். பத்தே நாளில் திரும்ப வந்தார்.

ஏன்னா ஈசிஜி பதில் சொல்வது "இப்போ என் இதயம் எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு. அவர் கேட்டதோ "ஒரு நாள் நான் இல்லாமல் போவேனா?" என்று. அதுக்கு உண்மையான பதில் 'ஆமாம்'தான். அதை எந்த ரிப்போர்ட்டும் மாத்தாது. ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் சில நாள் நிம்மதி கொடுத்து, அடுத்த ரிப்போர்ட்டுக்கு ஏங்க வைக்கிறது.

6/ அதனால் ராத்திரிக்குன்னு சில விஷயங்கள் பேசி வைத்தோம். நாடி பிடித்துப் பார்க்கக் கூடாது. ஸ்மார்ட் வாட்ச்சைக் கழட்டி அடுத்த ரூமில் வைக்கணும். கூகுளில் தேடக் கூடாது. எழுந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கணும். மனசுக்குள் சொல்ல வேண்டியது: "எண்ணம் உண்மை. ஆனா அது இன்னிக்கு ராத்திரி நடக்குதுங்கறது பயம் சேர்த்த கதை."

தூக்கத்துக்காக ரெண்டு பெக் போடுறதையும் நிறுத்தச் சொன்னேன். போதை இறங்கும் நடுராத்திரியில் மதுவே எழுப்பிவிடும், படபடப்பைக் கூட்டும்.

7/ பகல் வேலைதான் பெரிசு. "சாவுல எது உங்களைப் பயமுறுத்துது?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "பொண்ணுக்கு ஒம்பது வயசு சார். இன்ஷூரன்ஸ்ல நாமினி இன்னும் எங்கப்பா பேர்லயே இருக்கு" என்றார்.

இறந்துபோன அப்பா. ஒரு வருஷமாக அந்த ஃபைலை அவர் தொடவே இல்லை.

8/ அந்த வாரம் மனைவியோடு உட்கார்ந்து பாலிசி, பி.எஃப்., வங்கிக் கணக்கு எல்லாத்திலும் பெயர் மாற்றினார். ஒரு உயிலும் எழுதினார். வெள்ளைத்தாளில் எழுதி, ரெண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டாலே செல்லும், பதிவு கட்டாயமில்லை. அப்பாவைப் பற்றி மனைவியிடம் முதல் தடவையாக அழுததும் அன்னிக்குத்தானாம்.

9/ இதெல்லாம் செய்தாலும் மிச்சம் ஒன்று இருக்கும்: "நான் இல்லாமல் போவேன்" என்கிற வெறும் உண்மை. அதுக்கு என்னிடம் மாத்திரை இல்லை.

1896, மதுரை. 16 வயசுப் பையன் ஒருவன் வீட்டில் தனியாக இருக்கிறான். உடம்புக்கு எதுவுமில்லை, திடீரென மரண பயம். வைத்தியரைத் தேடி ஓடாமல், பிணம் போலப் படுத்து, சாவது எதுவென்று பார்த்தான். பின்னாளில் அவர்தான் ரமண மகரிஷி. ஆன்மிகம் பேச நான் வரவில்லை. அவர் அடைந்தது நமக்குக் கிடைக்கும்னும் சொல்லவில்லை. ஓடாமல் பார்த்தார் என்பது மட்டும் எனக்குப் போதும்.

10/ பயம் அடிக்கடி வந்து தூங்கவே பயமாயிட்டாலோ, வெளியே போவதைத் தவிர்க்க ஆரம்பித்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்க. பேச்சு சிகிச்சை இருக்கு, மருந்தும் இருக்கு. மருந்து வேலை செய்ய சில வாரம் ஆகும். "செத்துடுவேனோ" என்பது "செத்தா தேவலை" என்று மாறினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

11/ போன வாரம் வந்தார். மகள் காய்ச்சலுக்காக. "இன்னும் வருதா?"ன்னு கேட்டேன்.

"வருது சார். தண்ணி குடிச்சிட்டு, பாப்பாவுக்குப் போர்வை சரி பண்ணிட்டு படுத்துடுவேன். போயிடுது."

மூணு மாசமாக ஈசிஜி எடுக்கவில்லை.