முகத்துக்கு உரியவரின் சம்மதம்

சிறு நகரமொன்றின் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டூடியோவில், கம்ப்யூட்டர் முன் அமர்ந்து படங்களுக்கு டச்சப் செய்யும் இளைஞன் ஒருவனைப் பற்றிய சிறுகதை இது. கதைதான் என்றாலும், அத்தொழிலில் இருப்போர் எவருக்கும் அந்நியமான கதையன்று. மாலையில் வந்த வாடிக்கையாளர் ஒருவர், கல்யாண குரூப் போட்டோ ஒன்றையும், மதுக்கடை வாசலில் வேட்டி நழுவ விழுந்து கிடக்கும் யாரோ ஒருவரின் படத்தையும் செல்பேசியில் காட்டி, முன்னதன் ஓரத்தில் நிற்கும் தம் பங்காளியின் முகத்தைப் பின்னதில் பொருத்தித் தர வேண்டுமென்கிறார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடத்தான், வெறும் விளையாட்டு, கேட்ட பணம் தருகிறேன் என்கிறார். இளைஞன் எழுந்து நின்று, “மன்னிச்சுக்கங்க அண்ணே, இதை நான் செய்ய மாட்டேன். அவரே வந்து கேட்டா அது வேற விஷயம். இந்தக் கல்யாண போட்டோவை வேணும்னா கலர் சரி பண்ணிப் பெரிசா போட்டுத் தர்றேன்” என்கிறான். வந்தவர் முகம் சுளித்துப் போய்விடுகிறார். வந்த காசை விரட்டிவிட்டாயே என்று முதலாளி கடிந்துகொள்கிறார். இளைஞன் செய்தது நியாயம், முதலாளி கடிந்துகொண்டது பிழை என்பதே நமது அபிப்பிராயம்.

முகத்தை எடுத்து ஒட்டும் காரியமே தகாதது என்று நாம் சொல்லவில்லை. அது ஸ்டூடியோக்களின் அன்றாட ஜீவனம். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவரின் கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் பொருத்துகிறார்கள். குரூப் போட்டோவில் ஒருவர் கண்மூடிவிட்டால், அடுத்த படத்திலிருந்து அவருடைய திறந்த கண்களை எடுத்து வைக்கிறார்கள். ஒன்றாகப் படமெடுத்துக்கொள்ளாமலே காலமாகிவிட்ட தாத்தாவையும் பாட்டியையும், மங்கிப்போன இரண்டு தனிப் படங்களிலிருந்து ஒரே சட்டத்துக்குள் சேர்த்து வைக்கிறார்கள். இவற்றிலெல்லாம் முகத்துக்கு உரியவரோ, அவரை நேசிப்பவரோ அந்த மாற்றத்தை விரும்பிக் கேட்கிறார். பங்காளியின் விஷயத்தில் அவர் கேட்கவுமில்லை, கேட்டால் இசையவும் மாட்டார். கருவி ஒன்றே, கையும் ஒன்றே. சம்மதம் ஒன்றுதான் இல்லை.

வாடிக்கையாளர் உண்மையில் விலைக்கு வாங்க வந்த பொருள் இன்னதென்பதையும் சற்றே ஆராய வேண்டும். முகத்தை வெட்டி ஒட்ட எவராலும் இயலும். ஆனால் கல்யாண மண்டபத்து விளக்கில் மூக்கின் நிழல் இடப்புறம் விழ, தெருவில் கிடப்பவரின் கழுத்து நிழல் வலப்புறம் விழுந்தால், பார்ப்பவர் கண் உடனே இடறும். தாடைக்குக் கீழே தோலின் நிறம் மாறுவதும், தோள் அகலத்துக்குத் தலை சற்றே பெரிதாயிருப்பதும், முகம் துல்லியமாகவும் உடல் மங்கலாகவும் தெரிவதும் அப்படியே காட்டிக்கொடுக்கும். இந்தப் பொருத்தமின்மைகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பதே தேர்ந்த கையின் வேலை. ஆகவே ஸ்டூடியோவில் விற்கப்படுவது ஒட்டு வேலையன்று, நம்பகம். பங்காளியின் மனைவியும் மக்களும் அந்தப் படத்தை நம்ப வேண்டும் என்பதற்காகவே பணம் நீட்டப்படுகிறது.

விளையாட்டு என்று கீழே எழுதிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். 1950-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடந்த செனட் தேர்தலின்போது, மில்லார்ட் டைடிங்ஸ் என்ற செனட்டரும் முன்னாள் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏர்ல் பிரௌடரும் அருகருகே இருப்பதுபோல், இரு வேறு படங்களை இணைத்துப் பிரசாரத் தாள் ஒன்றில் வெளியிட்டார்கள். அது இணைக்கப்பட்ட படம் என்று அடியில் அச்சிட்டும் இருந்தார்கள். டைடிங்ஸ் தோற்றார், தோல்விக்குக் காரணங்கள் பல இருந்திருக்கலாம், ஆயினும் அப்படத்தைப் பற்றி செனட் சபையே விசாரிக்க நேர்ந்தது. அச்சுத்தாளிலேயே குறிப்பு காப்பாற்றவில்லையென்றால், ஒரு குழுவிலிருந்து மறு குழுவுக்குத் தள்ளிவிடப்படும் படத்தோடு அதன் குறிப்பும் கூடவே போகுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

சட்டமும் இளைஞனின் பக்கமே நிற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, சொல்லால் மட்டுமின்றிக் கண்ணுக்குத் தெரியும் உருவங்களாலும் அவதூறு நிகழும் என்கிறது. வெளியிட்டவரை மட்டுமன்றி, பிறர் நற்பெயருக்குக் கேடு வருமென்று அறிந்தே அதை உண்டாக்கியவரையும் குறிக்கிறது. தண்டனை 2 ஆண்டுகள் வரை சிறை. படம் ஆபாசமாயின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சொன்னதைச் செய்தேன் என்ற சமாதானம் அங்கே பெரிதும் உதவாது.

இன்று செல்பேசிச் செயலியே நொடியில் முகம் மாற்றித் தரும்போது ஒருவன் மறுப்பதால் என்ன ஆகிவிடும் என்ற ஆட்சேபமும் உண்டு. அந்தப் பங்காளி காப்பாற்றப்பட்டுவிட்டார் என்று நாமும் கூறவில்லை. ஆனால் செயலி, இது யாருடைய முகம், அவருக்குத் தெரியுமா என்று கேட்பதில்லை. மேஜைக்குப் பின்னால் இருப்பவன் கேட்கிறான். கோபத்தில் வந்தவர், தாம் செய்யப் போவது இன்னதென்று மற்றொரு மனிதர் வாயால் கேட்கும் சந்தர்ப்பம் அங்கே மட்டுமே கிடைக்கிறது. அதையும் அவன் கடுஞ்சொல்லின்றி, வேறு வேலையை மனமுவந்து செய்து தருவதாகச் சொல்லியே செய்தான்.

ஸ்டூடியோ உரிமையாளர்கள் இதைத் தொழிலாளியின் தனி மனச்சாட்சிக்கு விட்டுவிடலாகாது. முகத்துக்கு உரியவர் சம்மதமின்றிப் படம் மாற்றித் தரப்படமாட்டாது என்ற அறிவிப்பைப் பணம் வாங்கும் மேஜையிலேயே வைக்க வேண்டும். மறுத்த வேலைக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றிய படங்களை அன்றே அழித்துவிட வேண்டும். படத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவன் மறுத்துவிட்ட வேலைக்கும் அன்றைய கூலியில் குறை வைக்கலாகாது.