வாங்காத கடன் சிபில் அறிக்கையில் இருக்கிறதா? யாரிடம், எப்படிக் கேட்பது?

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்கப்படும் என்று 2025-ல் வந்த சுற்றறிக்கை, தமிழக விவசாயிகளிடம் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அப்போது பேச்சு முழுவதும் மதிப்பெண்ணைப் பற்றித்தான் இருந்தது. நாம் வாங்கவே வாங்காத ஒரு கடன் நம் பெயரில் பதிவாகியிருந்தால் என்ன செய்வது என்பது அதிகம் பேசப்படவில்லை.

இது விவசாயிகளுக்குப் புதிய பிரச்சினை அல்ல. தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் கரும்பு விவசாயிகள் 2022 நவம்பர் இறுதியில் தொடங்கிய நீண்ட போராட்டம் நினைவிருக்கும். தனியார் சர்க்கரை ஆலை தங்கள் பெயரில் வங்கிகளில் கடன் எடுத்துவிட்டது, அதைத் தங்கள் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அதே மாதிரியான சிக்கல் இன்று செல்போன் கடைக் கடன், செயலிக் கடன், கிரெடிட் கார்டு என்று சிறு சிறு தொகைகளில் தனித்தனி விவசாயிகளுக்கு வருகிறது.

சிபில் தானாகத் திருத்தாது

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சிபில் ஒரு பேரேடு மட்டுமே. வங்கியும் நிதி நிறுவனமும் அனுப்பும் விவரத்தை அது பதிந்து வைக்கிறது. நீங்கள் ஆட்சேபம் தெரிவித்தால், அந்தக் கடனைப் பதிந்த நிறுவனத்திடம் விளக்கம் கேட்கும். "விவரம் சரிதான்" என்று நிறுவனம் சொல்லிவிட்டால் பதிவு அப்படியே நிற்கும். அதனால் சிபிலில் மட்டும் புகார் செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்திடம் ஆவணத்தைக் கேட்பதுதான் வழக்கின் உயிர்.

உங்களுடையதுதானா என்று பாருங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபிலுக்கு cibil.com தளத்துக்குச் செல்லுங்கள். இடையில் கட்டணத் திட்டம் காட்டினால் அதை வாங்க வேண்டியதில்லை.

அறிக்கையில் தெரியாத பெயர் இருந்தவுடன் மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். கார்ப்பரேஷன் வங்கியில் வாங்கிய பழைய கடன் இப்போது யூனியன் வங்கி பெயரில் இருக்கும். 2020-ல் இரண்டும் இணைந்துவிட்டன. கடையில் தவணைக்கு வாங்கிய டிவியின் கடன், கடையின் பெயரில் இல்லாமல் நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ‘Ownership’ என்ற இடத்தில் ‘Guarantor’ என்று இருந்தால், நீங்கள் யாருக்கோ ஜாமீன் போட்டது. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போன வேறொருவரின் கடன் உங்கள் அறிக்கையில் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இவை எதுவும் இல்லையென்றால், அது உங்கள் பெயரில் வேறொருவர் எடுத்த கடனாக இருக்கலாம்.

ஓர் உதாரணம்

திண்டிவனம் பக்கம் மணிலா பயிரிடும் ஒரு விவசாயி நகைக்கடனுக்காக வங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஏற்கெனவே ஒரு கடன் பாக்கி இருக்கிறதே" என்கிறார் மேலாளர். அறிக்கையை எடுத்துப் பார்த்தால் 2024 ஆகஸ்டில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த 18,000 ரூபாய் செல்போன் கடன். மூன்று தவணை கட்டப்பட்டு அதற்குப் பின் நின்றுபோயிருக்கிறது.

அவர் முதலில் அந்த நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்ப வேண்டும். "இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை" என்று எழுதி, நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும்: கையெழுத்திட்ட அல்லது ஓடிபி மூலம் ஒப்புக்கொண்ட விண்ணப்பம், அப்போது எடுத்த புகைப்படமும் அடையாள ஆவணமும், பதிவான செல்போன் எண், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு அல்லது கடையின் பில். ஆதார் நகல் அவருடையதாகவே இருக்கலாம். சிம் வாங்கும்போது கடையில் விட்டுவந்த நகலாக இருக்கும். ஆனால் புகைப்படத்தில் இருப்பது வேறு முகம், செல்போன் எண் வேறு, பொருள் போனது வேறு ஊர் என்றால், அதுவே அவருக்கான சாட்சி.

அடுத்து 1930 எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்து, உள்ளூர் காவல் நிலையத்திலும் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். பிறகு சிபில் தளத்தில் அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, "இது என் கணக்கு அல்ல" என்று ஆட்சேபம் பதிய வேண்டும். அறிக்கையில் உள்ள ‘Control Number’ எண்ணைக் கடிதங்களில் குறிப்பிடுங்கள். மற்ற மூன்று நிறுவனங்களின் அறிக்கையிலும் அதே கடன் இருந்தால் அங்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. "சிபிலைச் சரிசெய்து தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம்.

இடையில் வசூல் ஆள் வந்து, "பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்பார். கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகும். அறிக்கையிலும் ‘Settled’ என்ற குறி விழும். அதைப் பார்க்கும் அடுத்த வங்கி, முழுத் தொகையும் கட்டாதவர் என்றே எடுத்துக்கொள்ளும்.

30 நாள் கணக்கு

புகார் செய்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாட்கள். 30 நாட்களைத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் உள்ளது. பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலும், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது நிறுவனத்துக்கு எழுதிய முதல் கடிதமும் அதன் தேதியும்தான்.

கேட்காத கிரெடிட் கார்டு என்றால் விதி இன்னும் கடுமையானது. வாடிக்கையாளரின் சம்மதமின்றி கார்டு கொடுத்துக் கட்டணம் போட்டால், அதை ரத்து செய்வதோடு அதைப்போல் இருமடங்கு தொகையையும் வங்கி அவருக்குத் தர வேண்டும்.

கையெழுத்து உங்களுடையது என்றால்

இந்த வழி எடுபடாத இடமும் உண்டு. ஆலைக்கோ முகவருக்கோ நீங்களே போட்டுக்கொடுத்த கையெழுத்தை வைத்துக் கடன் எடுக்கப்பட்டிருந்தால், வங்கி அந்தக் காகிதத்தைக் காட்டி "சரிதான்" என்றுவிடும். அங்கே ஆட்சேபம் மட்டும் போதாது. பணம் யார் கணக்குக்குப் போனது என்பதைக் கேட்டு வாங்கி, ஏமாற்றப்பட்டதாகக் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருக்கும். ஒரே முகவரிடம் கையெழுத்துப் போட்ட மற்றவர்களின் அறிக்கைகளையும் சேர்த்தெடுத்தால் வழக்கு வலுப்படும்.

மறுபடியும் ஒருமுறை

பதிவு நீங்கிய பிறகும் வேலை முடியவில்லை. நிறுவனங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து விவரம் அனுப்புகின்றன. தன் கணினியில் திருத்தாமல் சிபிலில் மட்டும் திருத்தியிருந்தால், அடுத்த முறை அந்தக் கடன் திரும்ப ஏறிவிடும். அதனால் நான்கு இலவச அறிக்கைகளையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். முதலில் இரண்டை எடுங்கள். மற்றவற்றைத் திருத்தம் முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். அவற்றிலும் அந்தக் கடன் இருந்தால், அங்கும் ஆட்சேபம் பதியுங்கள்.

சம்பாவுக்கு ஆகஸ்டில் கடன் தேவைப்படுபவர், ஜூன் முதல் வாரத்திலேயே அறிக்கையை எடுத்துவிட வேண்டும். ஆட்சேபத்துக்கான 30 நாட்களும், குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டிவந்தால் ஆகும் நாட்களும் நாற்று விடும் நாளுக்காகக் காத்திருக்காது.