பழச்சுவைக் கிண்ணமா, பழம் சேர்த்த தயிரா?

பேரங்காடியின் குளிர்பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும் யோகர்ட் கிண்ணங்களின் மூடியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெரிய ஸ்ட்ராபெரிப் பழத்தின் படம் இருக்கும். பள்ளி முடிந்து இணைப்பாட நடவடிக்கைக்கு விரையும் மாணவர்கள் சிலர், உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பதிலாக இதை வாங்குகிறார்கள். பாலும் பழமும்தானே, உடலுக்கு நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். வறுவலோடு ஒப்பிட்டால் அவர்கள் நினைப்பது சரிதான். ஆனால், தேக்கா வட்டாரத்து மளிகைக் கடையில் சாதாரணத் தயிரை வாங்கி, தேக்கா சந்தையில் வாங்கிய பழத்தை நறுக்கிச் சேர்த்துச் சாப்பிடுவது இன்னும் நல்லது.

"சாதாரணத் தயிரில் சர்க்கரையே இல்லை" என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அது உண்மையன்று. பாலில் இயற்கையாகவே லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருக்கிறது. பால் தயிராக உறையும்போது அதில் ஒரு பகுதிதான் புளிப்பு அமிலமாக மாறுகிறது. எஞ்சியது தயிரிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான், சர்க்கரை சேர்க்காத தயிரின் ஊட்டச்சத்து அட்டவணையிலும் 100 கிராமுக்கு 4 அல்லது 5 கிராம் சர்க்கரை என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

125 கிராம் எடையுள்ள ஒரு பழச்சுவைக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அட்டவணையில் 100 கிராமுக்கு 12 கிராம் சர்க்கரை என்று இருந்தால், கிண்ணம் முழுவதிலும் 15 கிராம் இருக்கும். அதே அளவு சாதாரணத் தயிரில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கும். மீதி 9 கிராம் எங்கிருந்து வந்தது? கிண்ணத்தில் இருப்பது வெறும் நறுக்கிய பழமன்று. பழத்தைச் சர்க்கரையுடன் வேகவைத்துக் கெட்டியாக்கிய கூழ் அது. அந்த 9 கிராமில் பழத்தின் பங்கு சிறிதளவே. பெரும்பகுதி, சேர்க்கப்பட்ட சர்க்கரை. பொருள்களின் பட்டியலில் எடை கூடியதுதான் முதலில் வரும். பழத்தின் பெயருக்கு முன்பே சர்க்கரையின் பெயர் வந்துவிட்டால், எது அதிகம் என்பது விளங்கிவிடும்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் பொட்டல பானங்கள் 'A' முதல் 'D' வரை தரம் பிரிக்கப்படுகின்றன. அந்த ஏற்பாடு பானங்களுக்காகத் தொடங்கப்பட்டது. கரண்டியால் உண்ணும் யோகர்ட்டில் அந்த எழுத்தைத் தேடிப் பயனில்லை. அட்டவணையைத்தான் படிக்க வேண்டும்.

இனி வீட்டுக் கிண்ணம். 125 கிராம் தயிரில் 50 கிராம் பப்பாளியைச் சேர்த்தால் பழத்திலிருந்து 4 கிராம் சர்க்கரை வரும். மொத்தம் 10 கிராம். மாம்பழமானால் 13 கிராம்வரை போகும். வேறுபாடு அவ்வளவு பெரிதன்று என்று தோன்றலாம். ஆனால், பழத்துண்டில் உள்ள சர்க்கரை நார்ச்சத்தோடு சேர்ந்து வருகிறது, மென்று தின்னவும் வேண்டியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் குறைக்கச் சொல்லும் சர்க்கரையில் முழுப்பழத்தின் சர்க்கரையைச் சேர்ப்பதில்லை.

இந்தக் கணக்கு ஒரே கரண்டியில் கெட்டுப்போகக்கூடும். தயிர் புளிக்கிறது என்று ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தூவினால் 5 கிராம் கூடும். பப்பாளித் தயிரும் 15 கிராமுக்கு வந்துவிடும். கடைக்கிண்ணத்தைக் குறைசொல்லிவிட்டு வீட்டில் இப்படிச் செய்வதில் என்ன பொருள்? புதிய தயிரையும் நன்கு பழுத்த பழத்தையும் தேர்ந்தெடுத்தால் சர்க்கரை தேவைப்படாது. பழத்தை உண்ணும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். பப்பாளி, அன்னாசி, கிவி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. காலையில் கலந்து எடுத்துச்சென்றால் மதியத்திற்குள் தயிர் நீர்விட்டுக் கசக்கக்கூடும்.

புரதத்தைப் பொறுத்தவரை, பழத்தை நம்ப முடியாது. அதில் புரதம் மிகக் குறைவு. 125 கிராம் தயிரில் ஏறக்குறைய 4.5 கிராம் புரதம் இருக்கும். கடைக்கிண்ணத்தில் ஐந்தில் ஒரு பங்கு பழக்கூழ் என்றால், தயிரின் அளவு குறைவதால் புரதமும் ஏறக்குறைய 3.5 கிராமாகக் குறையும். வீட்டிலும் பழத்தைக் குவித்துத் தயிரைக் குறைத்தால் இதே கதைதான். கூடுதல் புரதம் வேண்டுவோர் தயிரைத் துணியில் கட்டிக் குளிர்பெட்டியில் சில மணி நேரம் வடியவிடலாம். நீரும் அதில் கரைந்த சர்க்கரையில் ஒரு பகுதியும் வடிந்துவிடும். எடை பாதியானால், எஞ்சும் கெட்டித் தயிரில் 100 கிராமுக்கான புரதம் ஏறக்குறைய இருமடங்காகும். கடையில் 'கிரேக்க வகை' என்று விற்கப்படுவதும் கெட்டியாகவே இருக்கும். ஆனால், மாவுப்பொருளைச் சேர்த்தும் கெட்டியாக்க முடியும். அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 4 கிராம் என்றே இருந்தால், அது வடிகட்டிக் கெட்டியாக்கிய தயிரன்று.